8 லட்சம்னு அக்ரிமென்ட்ல இருக்கு, ஸ்டேட்மென்ட்ல எங்க? பெங்களூர்ல ஃபிளாட் வாங்கினப்போ நாங்க முன்பணத்தோட கணக்கை நேர் பண்ணின கதை

2024 ஏப்ரல் கடைசி வாரம், லோன் ஃபைல் குடுத்து பத்து நாள் ஆகியிருக்கும், பேங்க்ல இருந்து மேடம் போன் பண்ணாங்க. "சார், உங்க சேல் அக்ரிமென்ட்ல 28 மார்ச் அன்னிக்கு ஆர்டிஜிஎஸ்ல 8 லட்சம் குடுத்ததா இருக்கு. உங்க ஸ்டேட்மென்ட்ல அப்படி ஒரு டெபிட்டே இல்லையே?" எனக்கு ஒரு நிமிஷம் ஒண்ணும் புரியல, ஏன்னா காசு குடுத்தது உண்மை, வித்தவர் வாங்கிக்கிட்டதும் உண்மை, ரெண்டு பேரும் கையெழுத்து போட்டிருக்கோம், அப்புறம் எப்படி இல்லாம போகும்னு தோணுச்சு. அன்னிக்கு ராத்திரி உக்காந்து பாத்தா அவங்க சொன்னது அப்படியே சரி. 8 லட்சம்னு ஒரே என்ட்ரி எங்கயுமே இல்ல.

நாங்க ராமமூர்த்தி நகர்ல வாடகைல இருந்தோம், ஹொரமாவு பக்கம் ஒரு ரீசேல் ஃபிளாட் பாத்தோம், விலை 80 லட்சம். 30 லட்சத்துக்கு மேல 75 லட்சம் வரைக்குமான வீட்டு லோனுக்கு ரிசர்வ் பேங்க் விதிப்படி அதிகபட்சம் 80 சதவீதம்தான், அதனால லோன் 64 லட்சம், எங்க கைல இருந்து 16 லட்சம். ஸ்டாம்ப் டியூட்டி, ரிஜிஸ்ட்ரேஷன் செலவெல்லாம் இந்த 16க்கு வெளியில, அது தனிக்காசு. இந்த 16 லட்சத்தைத்தான் பேங்க்ல மார்ஜின் மணின்னு சொல்றாங்க, அதுக்கான ஆதாரத்தை ஓசிஆர்னு சொல்றாங்க, அதாவது நம்ம பங்கை நாமளே குடுத்துட்டோம்ங்கறதுக்கான ரசீது. நான் என்ன நெனச்சேன்னா வித்தவர் கையெழுத்து போட்ட அக்ரிமென்ட் இருந்தா அதுவே ரசீதுதானேன்னு. பேங்க் அப்படிப் பாக்கறது இல்ல. அக்ரிமென்ட்ல எழுதின ஒவ்வொரு தொகைக்கும் நம்ம அக்கவுன்ட்ல ஒரு டெபிட் தெரியணும், அந்த டெபிட்டுக்கு முன்னாடி அந்தக் காசு எங்க இருந்து உள்ள வந்துச்சுன்னு ஒரு கிரெடிட் தெரியணும். இந்த ரெண்டுல ஒண்ணு அறுந்தா கேள்வி வரும்.

இப்போ அந்த 8 லட்சம் நெஜமா எப்படிப் போச்சுன்னு சொல்றேன். மார்ச் 9 சனிக்கிழமை ஃபிளாட்டை பேசி முடிச்ச அன்னிக்கே டோக்கன் 2 லட்சம் என் வைஃப் அக்கவுன்ட்ல இருந்து ஐஎம்பிஎஸ்ல போட்டோம், அப்போ அக்ரிமென்ட்டே கிடையாது. மார்ச் 28 அக்ரிமென்ட் போட்ட அன்னிக்கு என் அக்கவுன்ட்ல இருந்து ஆர்டிஜிஎஸ்ல 5,92,000. மிச்சம் 8,000 டிடிஎஸ். 50 லட்சமும் அதுக்கு மேலயும் இருக்கற சொத்து வாங்கும்போது வாங்கறவங்கதான் 1 சதவீதம் பிடிச்சு வருமான வரித் துறைக்கு கட்டணும், விலைலயும் ஸ்டாம்ப் டியூட்டிக்கு அரசு வெச்சிருக்கற மதிப்புலயும் எது ஜாஸ்தியோ அதுமேல. எங்களுக்கு விலைதான் ஜாஸ்தி. 8 லட்சத்துக்கு 1 சதவீதம் 8,000, அதைக் கழிச்சுட்டுத்தான் குடுத்தேன். டோக்கன் குடுத்த அன்னிக்கே அதுல 2,000 பிடிச்சிருக்கணும், அந்த நேரத்துல தோணல, அதனால ரெண்டாவது பேமென்ட்ல சேத்துப் பிடிச்சோம். டோக்கன் குடுக்கப் போறவங்க அங்கயே பிடிச்சுடுங்க, கணக்கு இன்னும் சுலபமா இருக்கும்.

ஆக 2 லட்சம், 5,92,000, 8,000. கூட்டினா சரியா 8 லட்சம். ஆனா அக்ரிமென்ட் டைப் பண்ணினவர் இதெல்லாம் எழுதல, மொத்தமா 8 லட்சம், 28-03-2024, ஆர்டிஜிஎஸ்னு ஒரே வரில முடிச்சுட்டாரு. நாங்களும் தொகை சரியா இருக்கா, பேர் சரியா இருக்கா, ஃபிளாட் நம்பர் சரியா இருக்கான்னு பாத்துட்டு கையெழுத்து போட்டுட்டோம். பேங்க் மேடத்துக்கு தெரிஞ்சது என் ஸ்டேட்மென்ட்ல 5,92,000 மட்டும். வைஃப் ஸ்டேட்மென்ட்டை நாங்க குடுக்கவே இல்ல, ஏன்னா லோன் அப்ளிகேஷன்ல என் சம்பள அக்கவுன்ட்தான் கேட்டாங்க. டிடிஎஸ்ஸை நாங்க கட்டினது ஏப்ரல் 20, மார்ச்ல பிடிச்சதுக்கு ஏப்ரல் 30 வரைக்கும் டைம் இருக்கு, ஆனா நான் குடுத்த ஸ்டேட்மென்ட் மார்ச் 31ஓட முடிஞ்சு போச்சு. அதனால அந்த டெபிட்டும் அவங்க கண்ணுல படல. ஒரு பொய் இல்ல, ஒரு ரூபா குறையல, ஆனா பேப்பர்ல பாத்தா 2,08,000 காணோம்.

அன்னிக்கு ராத்திரி நான் பண்ணின வேலை என்னன்னா எக்செல்ல ஒரு ஷீட் போட்டேன். மொதல்ல ஸ்டேட்மென்ட்ல இருந்து ஆரம்பிச்சேன், அது தப்பு, ஆறு மாச ஸ்டேட்மென்ட்ல நூத்துக்கணக்கான வரி இருக்கு, காய்கறிக் கடை யூபிஐல இருந்து கேஸ் பில் வரைக்கும், எதை எதோட சேக்கறதுன்னே தெரியாம ஒரு மணி நேரம் வேஸ்ட். அப்புறம் அக்ரிமென்ட்டை எடுத்து பேமென்ட் பத்தி பேசற வரிகளை மட்டும் பென்சில்ல அண்டர்லைன் பண்ணி, ஒவ்வொரு தொகைக்கும் ஷீட்ல ஒரு வரி. அந்த வரில தொகை, தேதி, எந்த அக்கவுன்ட்ல இருந்து, எந்த முறை, பேங்க் ஒவ்வொரு டிரான்ஸ்ஃபருக்கும் தனியா போடற யூடிஆர் நம்பர், யார் அக்கவுன்ட்டுக்கு, ஸ்டேட்மென்ட்ல எத்தனாவது பக்கம். கடைசில ஒரு கட்டம், இந்தக் காசு எங்க இருந்து வந்துச்சுன்னு. அந்தக் கடைசி கட்டத்தை நிரப்பறதுலதான் நாலு நாள் போச்சு.

யூடிஆர் பத்தி ஒண்ணு சொல்லணும், இது எனக்கு ரொம்ப உதவியா இருந்துச்சு. ஆர்டிஜிஎஸ் யூடிஆர் 22 எழுத்து. மொதல் நாலு பேங்கோட கோடு, அப்புறம் R, அப்புறம் ஒரு எண், அதுக்கப்புறம் எட்டு இலக்கத்துல தேதி, கடைசி எட்டு வரிசை எண். ஸ்டேட்மென்ட்ல இப்படி இருக்கும், பேங்க் கோடையும் கடைசி நம்பரையும் மறைச்சிருக்கேன்:

```
28/03/24  RTGS DR-XXXXR52024032800XXXXXX   5,92,000.00
```

நடுவுல 20240328ன்னு இருக்கு பாருங்க, அதுதான் காசு போன தேதி, அக்ரிமென்ட்ல தேதி தப்பா இருந்தா இங்கயே தெரிஞ்சுடும். எங்க அக்ரிமென்ட்ல தேதி சரி, ஆனா யூடிஆரை கைல பாத்து டைப் பண்ணினதுல ஒரு சைபர் விட்டுப் போச்சு, எண்ணிப் பாத்தா 21தான் வந்துச்சு. அந்த நம்பரை வெச்சு யாராலயும் எதையும் தேட முடியாது. நெஃப்ட்னா யூடிஆர் 16 எழுத்து, ஐஎம்பிஎஸ்னா 12 இலக்க ரெஃபரன்ஸ் நம்பர். டைப் பண்ணாம ஸ்டேட்மென்ட் பிடிஎஃப்ல இருந்து காப்பி பண்ணி ஒட்டச் சொல்லுங்க, ஒட்டினதுக்கு அப்புறமும் ஒரு தடவை எண்ணிடுங்க.

செக்ல குடுத்தவங்களுக்கு வேற மாதிரி வரும். அக்ரிமென்ட்ல செக் எழுதின தேதி இருக்கும், ஸ்டேட்மென்ட்ல கிளியர் ஆன தேதி இருக்கும், நாலஞ்சு நாள் வித்தியாசம் வரலாம். அங்க தேதியைத் தேடாதீங்க, செக் நம்பரைத் தேடுங்க.

சரி, இப்போ கஷ்டமான பகுதிக்கு வர்றேன், அந்த டோக்கன் 2 லட்சம். வைஃப் ஸ்டேட்மென்ட்டைக் குடுத்ததும் மேடம் அதுல வேற ஒண்ணைப் பாத்தாங்க. மார்ச் மொதல் வாரத்துல மூணு நாள்ல மூணு கேஷ் டெபாசிட், ஒவ்வொண்ணும் 49,000. அது என்னன்னா எங்க ஏரியால ஒரு அக்கா சீட்டு பிடிக்கறாங்க, ஒண்ணரை லட்சம் சீட்டு, 20 மாசம், என் வைஃப் கடைசி சீட்டா எடுத்தா, காசு கைல வந்துச்சு. 50 ஆயிரத்துக்கு மேல கட்டினா பான் கேப்பாங்கன்னு யாரோ சொன்னதை வெச்சு 49, 49, 49னு கட்டியிருக்கா, மிச்சம் 3,000 வீட்டுச் செலவுக்கு. பான் குடுக்கறதுல எங்களுக்கு ஒரு பிரச்சனையும் இல்ல, அவ அக்கவுன்ட்ல பான் ஏற்கனவே இருக்கு. ஆனா பாக்கறவங்களுக்கு ஒண்ணரை லட்சம் ஒரே தடவையா கட்டினா ஒரு கேள்வி, மூணு 49,000ஆ கட்டினா ஏன் பிரிச்சீங்கன்னு ரெண்டாவது கேள்வியும் சேந்து வரும். தயவு செஞ்சு இப்படிப் பிரிக்காதீங்க.

இங்க ஒரு கணக்கு பண்ணினோம், அதை விவரமா சொல்றேன், ஏன்னா இது எல்லாருக்கும் உதவும். டெபாசிட்டுக்கு முன்னாடி அவ அக்கவுன்ட்ல இருந்த பேலன்ஸ் 96,000, அது சம்பளத்துல மிச்சம் பிடிச்சது, கேள்வி கிடையாது. டெபாசிட் 1,47,000 சேந்ததும் 2,43,000. டோக்கன் 2 லட்சம் போனதும் 43,000. ஆக டோக்கன்ல 96,000 சம்பளக் காசுன்னு சொல்லிடலாம், மிச்சம் 1,04,000 மட்டும்தான் சீட்டுக் காசு. பேங்குக்கு நாங்க விளக்க வேண்டியது 2 லட்சத்துக்கு இல்ல, 1,47,000க்குக்கூட இல்ல, 1,04,000க்கு. ஸ்டேட்மென்ட்ல வலது பக்கம் இருக்கற பேலன்ஸ் வரிசையை நான் அதுவரைக்கும் பெருசா பாத்ததே இல்ல, ஆனா எந்தக் காசு எதுல போச்சுன்னு காட்டறது அந்த வரிசைதான்.

அந்த 1,04,000க்கு என்ன ஆதாரம்? சீட்டு அக்காகிட்ட ஒரு லெட்டர் எழுதி வாங்கினோம், அவங்க நோட்டுல எங்க பேர் இருக்கற பக்கத்தை போட்டோ எடுத்தோம். மேடம் அதை ஓரமா வெச்சுட்டாங்க. பதிவு பண்ணாத சீட்டு, சட்டப்படியே சரியில்லாத ஒண்ணு, அந்த லெட்டரை பேங்க் எப்படி ஆதாரமா எடுக்கும்? எங்களைக் காப்பாத்தினது வேற. என் வைஃப் மாசா மாசம் சீட்டுப் பணத்தை யூபிஐல அனுப்பியிருந்தா. தள்ளு போனதைப் பொறுத்து ஒரு மாசம் 6,000, ஒரு மாசம் 6,800, கடைசில 7,500, இப்படி 20 மாசம், ஒரே பேருக்கு. 20 மாச ஸ்டேட்மென்ட் எடுத்து அந்த 20 வரியையும் ஹைலைட்டர்ல மஞ்சள் அடிச்சு, ஒரு விளக்கக் கடிதத்தோட குடுத்தோம். அக்கவுன்ட்ல இருந்து வெளிய போன காசுதான் திரும்பி வந்திருக்குன்னு தெரிஞ்சதும் ஏத்துக்கிட்டாங்க. மாசத் தவணையையும் கைலயே குடுத்திருந்தா எங்ககிட்ட ஒண்ணுமே இருந்திருக்காது. இதை எல்லா பேங்கும் ஒத்துக்கும்னு நான் சொல்ல மாட்டேன், ஃபைலைப் பாக்கற கிரெடிட் ஆபீசரைப் பொறுத்தது. வீடு வாங்கற எண்ணம் இருக்கறவங்க பதிவு பண்ணின கம்பெனில சீட்டு போடுங்க, அங்க பாஸ்புக் இருக்கும், காசும் செக்கா அக்கவுன்ட்டுக்கே வரும்.

இதோட சேத்து இன்னொண்ணு. வித்தவருக்கு கேஷா குடுத்துடலாமான்னு டோக்கன் சமயத்துல ஒரு பேச்சு வந்துச்சு, நல்ல வேளை குடுக்கல. சொத்துக்கான அட்வான்ஸை 20,000 ரூபாய்க்கோ அதுக்கு மேலயோ கேஷா வாங்கினா, அந்தக் காசை வாங்கின வித்தவருக்கு அதே அளவு அபராதம் வரலாம், 2015 ஜூன்ல இருந்து அப்படித்தான் சட்டம். இதை எடுத்துச் சொன்னா வித்தவரே கேஷ் வேண்டாம்னுடுவாரு.

5,92,000 பக்கம் அவ்வளவு சிக்கல் இல்ல. பழைய பேங்க்ல இருந்த எஃப்டியை மார்ச் 26 உடைச்சேன், அங்கயே சேவிங்ஸ்ல கிரெடிட் ஆச்சு, அங்க இருந்து சம்பள அக்கவுன்ட்டுக்கு மாத்தினேன், அங்க இருந்து வித்தவருக்குப் போச்சு. ரெண்டு பேங்க் ஸ்டேட்மென்ட்டும், எஃப்டி உடைச்ச அட்வைஸும் குடுத்தேன். ஒரே காசு ரெண்டு ஸ்டேட்மென்ட்லயும் கிரெடிட்டா தெரியும், அதை ரெண்டு தடவை வரவா எண்ணிடக் கூடாது, ஷீட்ல ஒரே வரில அம்புக்குறி போட்டு எழுதிட்டேன்.

அக்ரிமென்ட்டை என்ன பண்றது? எங்களோடது நோட்டரி மட்டும் பண்ணினது, ரிஜிஸ்டர் பண்ணல, அதனால வக்கீல் ஒரு சப்ளிமென்டரி அக்ரிமென்ட் போட்டுக் குடுத்தாரு. பழைய அக்ரிமென்ட்டோட தேதியைச் சொல்லி, அதுல 8 லட்சம்னு மொத்தமா எழுதினது கீழ்க்கண்ட மூணு தொகைகளோட கூட்டுன்னு தெளிவா, முழு யூடிஆரோட. அக்ரிமென்ட் ரிஜிஸ்டர் ஆகியிருந்தா இது போதாது, ரெக்டிஃபிகேஷன் டீட் போட்டு திரும்ப சப் ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ் போகணும். வித்தவர் ரிட்டயர்டு ஆளு, நாங்க அங்கிள்னுதான் கூப்பிடுவோம், மறுபடி கையெழுத்துன்னதும் விலையைக் குறைக்கப் பாக்கறோமோன்னு அவருக்கு பயம் வந்துடுச்சு. நேர்ல போய், அவரோட பாஸ்புக்கையே எடுக்கச் சொல்லி, 2,00,000, 5,92,000 ரெண்டு என்ட்ரியையும் விரல் வெச்சுக் காட்டினேன், அந்த 8,000 உங்க பான்ல வரவு வெச்சிருக்கும், உங்க வரி ஸ்டேட்மென்ட் 26ஏஎஸ்ல தெரியும் அங்கிள்னு சொன்னேன். அப்புறம்தான் பேனா எடுத்தாரு. வாங்கறவங்க ரெண்டு பேர், விக்கறவர் ஒருத்தர்ங்கறதால டிடிஎஸ் கட்டற 26QB ஃபார்ம் ரெண்டு, என் பேர்ல 4,000, வைஃப் பேர்ல 4,000. அவங்கவங்க அக்கவுன்ட்ல இருந்தே கட்டினோம். அதனால ஸ்டேட்மென்ட்ல 8,000ன்னு தேடினா கிடைக்காது, ரெண்டு 4,000தான் இருக்கும், சலானைக் கூட வெச்சாத்தான் அது இந்த ஃபிளாட்டுக்குன்னு புரியும்.

இதெல்லாம் பட்டதுக்கு அப்புறம் ரெண்டாவது 8 லட்சத்தை மே மாசம் குடுக்கும்போது மொதல்ல ஷீட்ல எழுதிட்டு அப்புறம்தான் காசை அனுப்பினோம். பேங்க் 64 லட்சத்தை முழுசா வித்தவர் பேருக்கு டிடியா குடுக்கறேன்னுட்டாங்க, அப்போ அந்த 64 லட்சத்துக்கான டிடிஎஸ்ஸும் எங்க கைல இருந்துதான் போகணும். 8 லட்சமும் 64 லட்சமும் 72 லட்சம், அதுல 1 சதவீதம் 72,000. ஆக வித்தவருக்கு நாங்க அனுப்பினது 7,28,000, 26QBல 36,000 வீதம் ரெண்டு. இங்க நெறைய பேர் 8 லட்சத்துல 8,000 மட்டும் கழிச்சு 7,92,000 அனுப்பிடறாங்க, அப்புறம் ரிஜிஸ்ட்ரேஷனுக்கு முன்னாடி பேங்க் மிச்ச டிடிஎஸ் சலான் எங்கன்னு கேக்கும்போது வித்தவருக்கு 64,000 ஜாஸ்தியா போயிருக்கும், அதை அவர்கிட்ட திரும்பக் கேக்கறது ரொம்ப சங்கடம். டிடி எவ்வளவுக்கு வரப் போகுதுன்னு பேங்க்ல மொதல்லயே கேட்டுடுங்க.

இந்த ரெண்டாவது தொகைல எங்க அப்பா குடுத்த மூணரை லட்சம் இருக்கு. திருப்பத்தூர்ல இருந்து நெஃப்ட் பண்ணினாரு. கிஃப்ட் லெட்டர் வேணும்னு சொன்னதும் போன்லயே கோவம். "எம் புள்ளைக்கு நான் குடுக்கறதுக்கு எதுக்குடா லெட்டரு? திருப்பிக் கேப்பேன்னு நெனக்கறாங்களா?" அதேதாம்பா, திருப்பிக் கேக்க மாட்டேன்னு நீங்க எழுதிக் குடுக்கணும், கடன்னா அதையும் எனக்கு மாசத் தவணை மாதிரிதான் எண்ணுவாங்கன்னு சொன்னேன். அப்புறம் அமைதியா ஆயிட்டாரு. அப்பா அம்மா குடுக்கற பணத்துக்கு வருமான வரி கிடையாது, அதுல பயப்பட ஒண்ணும் இல்ல. ஆனா லெட்டர் வந்ததும் இன்னொரு சிக்கல்: என் ஸ்டேட்மென்ட்ல அனுப்பினவங்க பேர்னு இருக்கறது எங்க அம்மா பேர். அது ரெண்டு பேர் ஜாயின்ட் அக்கவுன்ட், மொதல் பேர் அம்மாவோடது. லெட்டர்ல அப்பா மட்டும் கையெழுத்து. திரும்ப ஒரு லெட்டர், ரெண்டு பேர் பேரும் அக்கவுன்ட் நம்பரும் நெஃப்ட் யூடிஆரும் போட்டு, ரெண்டு பேரும் கையெழுத்து போட்டு கூரியர்ல வந்துச்சு. கூடவே அந்த அக்கவுன்ட்டோட ஸ்டேட்மென்ட், அதுல அப்பா எஃப்டி உடைச்ச வரவும் மறுநாள் எனக்கு வந்த பற்றும் அடுத்தடுத்த வரில. அம்மா கையெழுத்து கொஞ்சம் நடுங்கி இருந்துச்சு, அதைப் பாத்துட்டு ரொம்ப நேரம் அந்த பேப்பரையே வெச்சுக்கிட்டு இருந்தேன்.

சேல் டீட் டிராஃப்ட் வந்தப்போ பேமென்ட் வரிகளை நானே எழுதிக் குடுத்துட்டேன். 2,00,000, 5,92,000, 7,28,000, டிடிஎஸ் 80,000, லோன் டிடி 64,00,000, கூட்டினா 80 லட்சம். ஒவ்வொண்ணுக்கும் தேதி, நம்பர், யார் அக்கவுன்ட்ல இருந்துன்னு. மேடம் அந்த டிராஃப்ட்டையும் என் ஷீட்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு டிக் அடிச்சுட்டே போனாங்க, பத்து நிமிஷம்கூட ஆகல, டிடிக்கு அனுப்பிட்டாங்க.

ஜூலைல அங்கிள் போன் பண்ணாரு, ரிட்டர்ன் ஃபைல் பண்ணணும், டிடிஎஸ் சர்டிபிகேட் 16பி வேணும்னு. வருமான வரித் துறையோட ட்ரேசஸ் சைட்ல இருந்து நாலு 16பி டவுன்லோட் பண்ணேன், என் பேர்ல ரெண்டு, வைஃப் பேர்ல ரெண்டு, 4,000, 4,000, 36,000, 36,000. பிரின்ட் எடுத்து நேர்ல குடுத்தேன். அவரும் ஒரு நோட்டை எடுத்து அதுல எழுதி வெச்சிருந்த 80,000க்கு நேரா நாலையும் கூட்டிப் பாத்துட்டு, காபி சாப்பிட்டுட்டு போங்கன்னாரு.